கிளையண்ட் பணம் இழுத்தால் பொது நிதி எவ்வளவு தாங்கும்?

கேள்வி: பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நாங்கள் ஆறு பேர் ஃப்ரீலான்ஸ் செய்கிறோம். இரண்டு டிசைனர், ஒரு வீடியோ எடிட்டர், இரண்டு மொழிபெயர்ப்பாளர், ஒரு வெப் டெவலப்பர். சாஃப்ட்வேர் செலவை ஆறாகப் பிரித்துக்கொள்கிறோம். யாருக்காவது கிளையண்ட் பணம் இரண்டு மூன்று மாதம் இழுத்தால் அவர் பங்கு நின்றுபோகிறது, மற்றவர்கள் போட வேண்டியிருக்கிறது. ஆளுக்கு வருமானத்தில் 10 சதவீதம் பொது நிதியில் போட்டு எல்லாவற்றையும் அதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இது சரி வருமா?

வராது. பொது நிதி நல்ல யோசனைதான், அந்த 10 சதவீதம்தான் சிக்கல். எந்த வருமானத்தில் 10 சதவீதம் என்று உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். பில் போட்ட தொகையில் என்றால், பணம் வராமல் தவிப்பவரே கைக்கு வராத காசுக்குப் பங்கு கட்ட வேண்டும். கைக்கு வந்த தொகையில் என்றால், கிளையண்டுகள் எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்கும் மாதத்தில் நிதிக்கும் ஒன்றும் வராது. எந்த மாதத்துக்காக நிதி வைத்தீர்களோ அந்த மாதத்தில்தான் அது காலியாக இருக்கும்.

பினாங்கில் சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. உங்களைப் போன்ற சில குழுக்களின் புத்தகங்களும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் சண்டை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்கியிருக்கிறது: மூன்று வகைப் பணத்தை ஒரே பானையில் போட்டிருப்பார்கள். சாஃப்ட்வேர் பில் என்பது தேதியும் தொகையும் தெரிந்த செலவு. தாமதம் என்பது தொகை தெரிந்து, தேதி தெரியாத வரவு. வராக்கடன் என்பது இனி வரப்போவதே இல்லாத பணம். முதலாவதைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். இரண்டாவதற்குத்தான் பொது நிதி. மூன்றாவதை நிதி தொடவே கூடாது, அது அந்த வேலையை எடுத்தவருடைய நஷ்டம். இந்த ஒன்றை ஆறு பேரும் ஒத்துக்கொண்டால் மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

சாஃப்ட்வேரிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் எண்களை நீங்கள் சொல்லவில்லை, ஆகவே எடுத்துக்காட்டுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். எல்லாரும் பயன்படுத்தும் கிளவுட் சேமிப்பு, வீடியோ கூட்டம், பில் போடும் மென்பொருள் மூன்றும் சேர்ந்து மாதம் 480 ரிங்கிட். டிசைன் தொகுப்பு ஒருவருக்கான உரிமத்துக்கு, அதாவது ஒரு சீட்டுக்கு, 240, மூன்று பேருக்கு 720. மொழிபெயர்ப்பு மென்பொருள் ஒரு சீட்டுக்கு 130, இரண்டு பேருக்கு 260. டெவலப்பரின் சர்வர் 150. மொத்தம் 1,610. ஆறாகப் பிரித்தால் ஆளுக்கு 268. ஆனால் எல்லாருக்கும் பொதுவான 480-ஐ மட்டும் ஆறாகப் பிரித்து, மற்றதை அவரவர் சீட்டுக்கு வைத்தால் டிசைனர்களுக்கும் எடிட்டருக்கும் 320, மொழிபெயர்ப்பாளர்களுக்கு 210, டெவலப்பருக்கு 230 வருகிறது. இப்போதுள்ள முறையில் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொருவரும் மாதம் 58 ரிங்கிட் டிசைனர்களுக்காகக் கட்டுகிறார். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அது மனதில் ஓடிக்கொண்டிருக்கும். சீட்டுக் கணக்கு வந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒரே கணக்கின் பாஸ்வேர்டை நான்கு பேர் பகிர்ந்துகொள்வதைச் சிக்கனம் என்று எண்ண வேண்டாம். அடோபி போன்ற நிறுவனங்களின் தனிநபர் உரிமம் ஒருவருக்கு மட்டும்தான். கணக்கை முடக்கினால் வேலைக் கோப்புகளோடு சேர்ந்து முடங்கும். ஒருவர் நடுவில் விலகினால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள். ஆண்டு ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் கட்டும் திட்டங்களில், நடுவில் நிறுத்தினால் மீதித் தொகையில் ஒரு பங்கை அபராதமாகக் கேட்பார்கள். யாருக்காக அந்த சீட் வாங்கினோமோ, ஆண்டு முடியும்வரை அல்லது மாற்று ஆள் வரும்வரை அவரே அதைக் கட்டுவார் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். பில் அமெரிக்க டாலரில் வந்தால் மாதத்துக்கு மாதம் ரிங்கிட் தொகை ஆடும். வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2024 மார்ச் முதல் 8 சதவீத சேவை வரியும் உண்டு. விலைப் பக்கத்தில் பார்த்த எண்ணை வைத்துப் பங்கு போடாதீர்கள், கார்டில் உண்மையில் பிடித்த தொகையை வைத்துப் போடுங்கள்.

பங்கு நின்றுபோகும் தொல்லைக்கு ஒரே வழி முன்பணம். ஒவ்வொருவரும் தன் பங்கில் மூன்று மாதத்தை எப்போதும் முன்னால் வைத்திருக்க வேண்டும். டிசைனருக்கு அது 960, மொழிபெயர்ப்பாளருக்கு 630. ஒரே தடவையில் முடியாவிட்டால் ஆறு மாதம் ஒன்றரைப் பங்கு கட்டினால் சேர்ந்துவிடும். அந்த ஆறு மாதம் கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும். அதற்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு மாதம் பணம் வராமல் போனாலும், அவருடைய சீட்டை அவருடைய பணமே ஓட்டும். மற்றவர்கள் பைக்குள் கை விட வேண்டியதில்லை.

இனி பொது நிதி. அதன் அளவை வருமானத்திலிருந்து கணக்கிட வேண்டாம், தாமதத்திலிருந்து கணக்கிடுங்கள். கடந்த 12 மாதத்தில் ஆறு பேரும் போட்ட எல்லா பில்களையும் ஒரு தாளில் எழுதுங்கள்: பில் தேதி, தொகை, கிளையண்ட், பணம் வந்த தேதி. பிறகு ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் கெடு தாண்டிக் காத்திருந்தார்கள் என்று எண்ணுங்கள். உங்களுக்கு அது மூன்று என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நிதியிலிருந்து கொடுக்கும் கைமாற்று, அவருடைய பில்லில் பாதி அல்லது 1,500 ரிங்கிட், இதில் எது குறைவோ அது. மூன்று பேருக்கு 4,500 போதும். ஆளுக்கு 750, மாதம் 125 வீதம் ஆறு மாதம். சேர்ந்ததும் நிறுத்திவிடலாம்.

உங்கள் 10 சதவீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சராசரி வருமானம் 4,500 என்றால் ஆறு பேரிடமிருந்து மாதம் 2,700, ஆண்டுக்கு 32,400 ரிங்கிட் வரும். அதில் சாஃப்ட்வேருக்கு 19,320 போனால், ஆண்டுக்கு 13,080 ரிங்கிட் யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். 8,000 சம்பாதிக்கும் மாதத்தில் டெவலப்பர் 800 போடுவார், 230 ரிங்கிட் சர்வரும் பொதுச் செலவும் பயன்படுத்துவார். முதல் வருடம் பேசாமல் இருப்பார். அவர் விலகும் நாளில் "நான் போட்ட வெள்ளியைத் திருப்பிக் கொடுங்க" என்பார். நியாயம்தான், ஆனால் கொடுக்கக் கணக்கு இருக்காது. 750 முறையில் ஒவ்வொருவர் பெயரிலும் 750 எழுதியிருக்கும். விலகினால் பாக்கி போக மீதியை 60 நாளில் கொடுத்துவிடலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மூன்று பேர் ஒரே நேரத்தில் காத்திருந்தார்கள் என்றால், அது மூன்று கிளையண்டா, ஒரே கிளையண்டா? குழுவில் ஒருவர் வேலை பிடித்துத் தந்தால் மற்றவர்களும் அதே கம்பெனிக்கே செய்வது வழக்கம். டிசைனர் லோகோ செய்வார், எடிட்டர் வீடியோ செய்வார், மொழிபெயர்ப்பாளர் தமிழிலும் மலாயிலும் எழுதிக் கொடுப்பார். அந்த ஒரு கம்பெனி தடுமாறினால் மூன்று பேரும் ஒரே நாளில் நிதிக்கு வந்து நிற்பார்கள். அதனால் ஆளுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது போல, ஒரு கிளையண்டுக்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள். 4,500-க்கு நான் 2,000 வைப்பேன்.

இது எப்படி ஓடும் என்று ஒரு பருவத்தை எடுத்துப் பார்ப்போம். பெட்டாலிங் ஜெயாவில் நிகழ்ச்சி நடத்தும் ஒரு கம்பெனிக்கு டிசைனர் டிசம்பர் 3-ஆம் தேதி 3,600 ரிங்கிட்டுக்கு பில் போடுகிறார், 30 நாள் கெடு. ஜனவரி 8-ஆம் தேதி அழைத்துக் கேட்கும்போதுதான் பில்லில் பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாததால் கணக்குப் பிரிவு அதை ஒதுக்கி வைத்திருப்பது தெரிகிறது. திருத்திய பில்லுக்கு வேலை கொடுத்தவரிடம் ஒப்புதல் வாங்கி அனுப்புவதற்குள் 19-ஆம் தேதி ஆகிவிடுகிறது. 15-ஆம் தேதிக்குள் வந்த பில்களுக்குத்தான் அந்த மாதப் பணம், ஆகவே அடுத்த சுற்று பிப்ரவரி 25. டிசைனர் ஜனவரி 12-ஆம் தேதியே நிதியில் கேட்டிருக்கிறார். பில்லில் பாதி 1,800, உச்சவரம்பு 1,500, அதுவே கிடைக்கிறது. அதே கம்பெனியிடம் எடிட்டருக்கு 2,000 ரிங்கிட் நிற்கிறது. பாதி 1,000, ஆனால் அந்தக் கிளையண்டுக்கு இன்னும் 500-தான் இடம் இருக்கிறது, 500 வாங்குகிறார். மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு சிங்கப்பூர் கிளையண்டிடம் 1,400 நிற்கிறது, 700 வாங்குகிறார். நிதியில் மீதி 1,800. மொழிபெயர்ப்பாளரின் பணம் பிப்ரவரி 3-ஆம் தேதி வந்து 700 திரும்புகிறது. பிப்ரவரி 25-ஆம் தேதி மற்ற இருவருக்கும் வந்ததும் நிதி மறுபடி 4,500. எடிட்டருக்கு அந்த மாதம் வருத்தம்தான், 500 அவருக்குப் போதாது. ஆனால் அவருக்கும் 1,000 கொடுத்திருந்தால், நிதியில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியின் வாக்குறுதியை நம்பி வெளியே போயிருக்கும். டிசம்பர் கணக்கு முடிப்பு, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் என்று அடுத்தடுத்து வரும் அந்த மாதங்களில் அது புத்திசாலித்தனம் இல்லை.

அந்த டிசைனருக்கு 84 நாள் இழுத்ததற்குக் காரணம் பணமில்லாமை இல்லை, ஒரு எண் விடுபட்டது. நான் பார்க்கும் தாமதங்களில் பெரும் பங்கு இந்த வகைதான். பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாதது, பில்லில் எஸ்எஸ்எம்-இல் பதிந்த தொழில் பெயர் இருக்க வங்கிக் கணக்கு சொந்தப் பெயரில் இருப்பது, சப்ளையர் பதிவுப் பாரத்தை முடிக்காமலே பில் அனுப்பியது, வேலையை ஏற்றுக்கொண்டதற்கு யாரும் கையெழுத்து போடாதது. ஆகவே நிதியில் கைமாற்று கேட்பவர் ஒரு காகிதம் காட்ட வேண்டும் என்று விதி வையுங்கள்: பில் கிடைத்தது, இந்தத் தேதியில் பணம் போடுவோம் என்று கிளையண்டின் கணக்குப் பிரிவு எழுதிய மின்னஞ்சல். வேலை கொடுத்த மேனேஜர் வாட்ஸ்அப்பில் சொன்னது போதாது, அவர் கையில் காசோலை இல்லை. இந்த மின்னஞ்சலைக் கேட்கப் போகும்போதே பாதிப் பிழைகள் வெளிவந்துவிடும். கைமாற்று தேவைப்படாமலே போவதும் உண்டு.

அந்த மின்னஞ்சல் கிடைக்கவில்லை என்றால் அது வேறு கதை. கணக்குப் பிரிவு பதிலே எழுதவில்லை, தொடர்புக்கு இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், 60 நாள் கழித்து வேலையில் திடீரென்று குறை கண்டுபிடிக்கிறார்கள், விளக்கமில்லாமல் 500 ரிங்கிட் மட்டும் போடுகிறார்கள் என்றால் அது தாமதமா வராக்கடனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்ல முடியாத இடத்தில் நிதி கொடுக்காது. கொடுத்த பிறகு அப்படி ஆனால், 90 நாள் தாண்டியதும் வாங்கியவர் மற்ற வருமானத்திலிருந்து மாதம் 300 வீதம் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். கிளையண்ட் தந்தாலும் தராவிட்டாலும். கொஞ்சம் கடுமையாகத் தோன்றும். ஆனால் இந்த விதி இல்லாத நிதி, மோசமான கிளையண்டைப் பிடித்தவருக்கு நல்ல கிளையண்டைப் பிடித்தவர்கள் தரும் மானியமாகிவிடும். வசூல் வேலையில் குழு துணைக்கு நிற்கலாம். 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கைத் தனிநபராக நீங்களே போடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஒப்பந்தப் பணத்துக்கு ஆறு ஆண்டு வரை வழக்குப் போட உரிமை உண்டு. இருந்தாலும் முன்பணமாகப் பாதி வாங்காமல் புதுக் கிளையண்டுக்கு வேலை தொடங்காத ஆள் இந்தப் பத்தியைப் படிக்கவே தேவையில்லை.

கைமாற்றுக்கு வட்டி வாங்காதீர்கள், "சேவைக் கட்டணம்" என்று வேறு பெயர் வைத்தும் வாங்காதீர்கள். 1951-ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டத்தில், வட்டிக்குக் கொடுத்த ஒரே ஒரு கடனை வைத்தே உரிமமில்லாமல் கடன் தொழில் செய்வதாக அனுமானிக்க இடமிருக்கிறது. அது இல்லை என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையதாகிவிடும். யாரும் கேட்காத மாதத்தில் "மொத்தத்தையும் குலுக்கிப் போட்டு ஒருவர் எடுத்துக்கொள்ளலாமே" என்று யாராவது சொல்வார்கள், நம் வீடுகளில் கூட்டு கட்டிப் பழக்கம் இருப்பதால். வேண்டாம். கூட்டு நிதி நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆறு நண்பர்களுக்குள் செய்வது அதில் சேருமா என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. அந்த வாதத்துக்குள் போக உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

பணத்தை எங்கே வைப்பது? குழுவுக்குப் பதிவு இல்லாததால் குழுவின் பெயரில் கணக்குத் திறக்க வங்கி சம்மதிக்காது. இருவர் பெயரில் கூட்டுக் கணக்கு, எடுக்க இருவர் சம்மதமும் வேண்டும் என்ற நிபந்தனையோடு. இருவரும் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. இந்த வகைக் கணக்கில் ஆன்லைனில் பணம் மாற்ற முடியுமா என்று திறக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், கவுண்டருக்குப் போக வேண்டியிருந்தால் அதற்கேற்ப திட்டமிட வேண்டும். சாஃப்ட்வேர் பில்கள் பிடிக்கும் கார்டு இந்தக் கணக்கோடு சேரவே கூடாது. அதற்கு வேறு ஒரு கணக்கு, அதில் அந்த மாதத் தொகை மட்டும்.

வரி விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. நிதியில் போடும் 750 உங்கள் செலவு அல்ல, உங்கள் பணம்தான், கழிவு கேட்க முடியாது. நிதியிலிருந்து வாங்கும் கைமாற்று வருமானமும் அல்ல. சாஃப்ட்வேர் பங்கு தொழில் செலவு, ஆனால் ரசீது கார்டுக்காரர் பெயரில் இருப்பதால், யாருக்கு எவ்வளவு என்ற மாதப் பட்டியலை அவர் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும், ரசீதின் நகலோடு ஏழு ஆண்டு வைத்திருங்கள். பலரை அதிர வைப்பது இன்னொன்று: தொழில் வருமானம் பணம் வந்த ஆண்டில் அல்ல, அதைக் கேட்கும் உரிமை வந்த ஆண்டிலேயே கணக்கில் சேரும். அந்த டிசைனரின் 3,600 பிப்ரவரியில் வந்தாலும் டிசம்பரின் ஆண்டுக்கே வருமானம். அதற்காக ஒதுக்கும் வரிப் பணத்தைப் பொது நிதியோடு கலக்காதீர்கள்.

கடைசியாக, ஆறு பேரும் தனித்தனிப் பெயரில் பில் போடுவதை விடாதீர்கள். செலவைப் பகிர்வதால் மட்டும் கூட்டாண்மை உண்டாகாது. 1961-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி மொத்த வரவைப் பகிர்வதுகூடத் தன்னளவில் கூட்டாண்மை ஆகாது. ஆனால் லாபத்தைப் பகிர்வது, இல்லை என்று நிரூபிக்காத வரை, கூட்டாண்மைக்குச் சான்று, அப்படி ஆகிவிட்டால் தொழிலுக்காக ஒருவர் வைக்கும் கடனுக்கு மற்ற ஐந்து பேரும் பொறுப்பு. "எல்லா வருமானத்திலும் 10 சதவீதம்" என்ற ஏற்பாடு அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது, 750 சாய்வதில்லை. கிளையண்ட் ஒரே பில்தான் வேண்டும் என்று கேட்டால் ஒருவர் முன்னின்று பில் போடட்டும், மற்றவர்கள் அவருக்கு பில் போடட்டும். கிளையண்ட் கொடுத்த ஐந்து நாளுக்குள் அவர் கொடுக்க வேண்டும், கிளையண்ட் தராவிட்டால் நஷ்டம் யாருக்கு என்பதை வேலை தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதிவிடுங்கள். அந்த மாதிரி வேலைகளே உங்கள் வருமானத்தில் பாதியைத் தாண்டினால், எஸ்எஸ்எம்-இல் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையாகப் பதிவது பற்றி ஒரு கம்பெனிச் செயலாளரிடம் பேசுங்கள். அதற்குப் பதிவுக் கட்டணம் 500 ரிங்கிட், ஆண்டறிக்கை வேலையும் சேரும். ஆறு பேரும் தனியாகவே பில் போடும் வரையில் அது தேவைப்படாத செலவு.